வாடிக்கையாளரைத் தாழ்த்திவிடும் மரியாதைச் சொல்

டோக்கியோவில் ஒரு மென்பொருள் பராமரிப்புக் குழுவில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளருக்குப் போகிற மின்னஞ்சல்களை அனுப்புமுன் படித்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. ஊரிலிருந்து புதிதாக வரும் நம் பொறியாளர்கள் ஜப்பானிய மொழியைக் கஷ்டப்பட்டுப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சாதாரண இலக்கணப் பிழை அவர்கள் கடிதத்தில் அதிகம் இருக்காது. மரியாதைதான் வரிக்கு வரி ஏறி இறங்கும்.

சர்வர் நிறுத்தம் பற்றித் தம்பி ஒருவர் எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். அதில் ஒரு வரி, "ஷிர்யோ ஓ ஹைகென் ஷிதெ குதசாய்." ஆவணத்தைப் பாருங்கள் என்பது அவர் சொல்ல வந்தது. கடைசியில் பணிவாகக் கேட்கும் 'குதசாய்' இருக்கிறது, 'ஹைகென்' என்பதும் மரியாதைச் சொல்தான். ஆனால் ஹைகென் என்பது பார்க்கிறவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது. அதை வாடிக்கையாளரின் செயலுக்குப் போட்டால், எங்கள் ஆவணத்தை நீங்கள் பணிந்து பாருங்கள் என்று ஆகிவிடுகிறது. இந்த இடத்தில் பார்க்கிறவரை உயர்த்திச் சொல்லும் 'கொரன் குதசாய்' என்று வர வேண்டும்.

இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளரின் பழைய கடிதத்தைத் திறந்து காட்டினார். "ஹைகென் ஷிமாஷிதா", அதாவது உங்கள் ஆவணத்தைப் பார்த்தேன் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் தங்கள் செயலைத் தாழ்த்திச் சொன்னது சரி. அதே சொல் நம் கைக்கு வந்து அவர்கள் பக்கமே திரும்பும்போதுதான் தப்பாகிறது.

ஜப்பானிய மரியாதை மொழியான கெய்கோவில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. கடிதத்தைப் படிப்பவருக்கான பணிவு வாக்கியத்தின் கடைசியில் 'தெஸ்', 'மாஸ்' என்று வரும். வினையைச் செய்கிறவர் யார் என்பது இன்னொரு கணக்கு. எதிரில் இருப்பவரின் செயல் என்றால் உயர்த்தும் சொல், அது சொங்கெய்கோ. நம் செயல் என்றால் தாழ்த்தும் சொல், அது கென்ஜோகோ. தம்பியின் கடிதத்தில் முதல் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. இரண்டாவதுதான் உதைத்தது. அதனால் நான் படிக்கும்போது ஒவ்வொரு வினையிலும் நின்று, இதைச் செய்வது யார் என்று மட்டும் பார்ப்பேன்.

அடுத்த வரியில் "புச்சோ கா ஒஷ்ஷத்தா யோ நி", எங்கள் துறைத் தலைவர் சொன்னபடி. 'ஒஷ்ஷத்தா' உயர்த்தும் சொல். அலுவலகத்துக்குள் எல்லோரும் தலைவரைப் பற்றி அப்படித்தான் பேசுகிறோம், தம்பியும் அதைக் கேட்டுத்தான் பழகினார். ஆனால் வெளியாளிடம் பேசும்போது நம் தலைவரும் நம் பக்கத்து ஆள். அவர் பெயரோடு மரியாதைக்கு ஒட்டும் 'சான்' கூடச் சேர்க்காமல், தாழ்த்தும் சொல்லான 'மோஷிமாஷிதா' போட வேண்டும். தமிழில் யாரிடம் பேசினாலும் 'எங்கள் மேலாளர் சொன்னார்'தான். வெளியாளிடம் 'சொன்னான்' என்று நாம் இறக்க மாட்டோம். நம்மவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், "சாபா ஓ தொமெரு கரா". சர்வரை நிறுத்துவோம், அதனால் என்று பொருள். 'கரா' போட்டுக் காரணம் சொல்வது நண்பர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் சரி. அதுவும் 'தொமெரு' என்ற சாதா வடிவத்தோடு சேர்ந்தால், பணிவாகப் போய்க்கொண்டிருக்கும் கடிதம் நடுவில் சட்டென்று பேச்சுக்கு இறங்கிவிடும். 'தெய்ஷி இதாஷிமாஸ் நொதெ' என்று மாற்றினோம். இப்படிச் சாதா வடிவம் கண்ணில் பட்டாலே பிழை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 'தென்பு ஷிதா ஷிர்யோ', இணைத்த ஆவணம், என்பதில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஷிதா' சாதா வடிவம்தான். அங்கே அது இயல்பு. அதைக் கை வைக்காமல் விட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு அடுத்த கடிதம் எதிர்ப்பக்கம் சாய்ந்து வந்தது. 'கொரன் நி நராரெதெ' என்று ஒரே வினைக்கு இரண்டு உயர்வு. வரிக்கு வரி 'சசெதெ இததகிமாஸ்', அதாவது உங்கள் அனுமதியோடு செய்கிறேன். 2007-ல் ஜப்பானின் கலாசார மன்றம் வெளியிட்ட கெய்கோ வழிகாட்டி இந்த வடிவத்துக்கு இரண்டு அடிப்படைகள் சொல்கிறது. எதிராளியின் அல்லது வேறொருவரின் அனுமதி பெற்றுச் செய்வதாக இருக்க வேண்டும், அதனால் நமக்கு ஒரு நன்மை கிடைப்பதாகவோ கிடைப்பதாக நாம் உணர்வதாகவோ இருக்க வேண்டும். கோப்பை இணைக்க யார் அனுமதி வேண்டும்? அதை 'தென்பு இதாஷிமாஷிதா' என்று எளிதாக்கினோம், அறிக்கை தருகிற வரியையும் அப்படியே. சர்வரை நிறுத்துகிற வரியில் மட்டும் 'சசெதெ இததகிமாஸ்' இருக்கட்டும் என்றேன். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நாங்கள் நிறுத்த முடியும்.