ஹால்மார்க் இருந்தும் சந்தேகம் வந்த சங்கிலி: நான் சரிபார்த்த விதம்

போன வருடம் ஆவணியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வீட்டுச் சீராக 2 சவரனில் ஒரு சங்கிலி போடுவதென்று முடிவு செய்து, எங்கள் ஊரிலேயே, அப்பா காலத்திலிருந்து வாங்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். 16 கிராம், 22 கேரட், பில்லில் 916 என்று தெளிவாக எழுதியிருந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் தகட்டில் ஹால்மார்க் முத்திரையும் இருந்தது. நானும் திருப்தியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் மகன்தான் "அம்மா, அந்த நம்பரை செயலியில் போட்டுப் பார்த்தீங்களா?" என்றான். எனக்கு அதுவரை முத்திரை என்றால் 916 என்ற எண் மட்டும்தான் தெரியும். உண்மையில் 916 என்று மட்டும் குத்த ஓர் அச்சு இருந்தால் போதும். இன்றைக்கும் சில நகைகளில் "916 கேடிஎம்" என்று பார்க்கலாம். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்ததைக் குறிக்கும் பழைய வழக்கம், அதற்கும் ஹால்மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை. இப்போது இருக்கவேண்டியவை மூன்று: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முக்கோண வடிவ முத்திரை, 22K916 போன்ற தூய்மை எண், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்து 6 இடத்தில் வரும், நகையின் தனி அடையாள எண்ணான ஹெச்யுஐடி. இந்த ஹெச்யுஐடி 2021 ஜூலையில் வந்தது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு கடையில் புதிதாக விற்கும் ஹால்மார்க் நகையில் இது இருந்தே ஆகவேண்டும் (2 கிராமுக்குக் குறைவான மூக்குத்தி மாதிரிச் சின்ன நகைகளுக்கு விலக்கு உண்டு, அதனால் அதில் இல்லையென்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்).

முதல் சிக்கல் அந்த ஆறு இடத்தைப் படிப்பதே. லேசரில் பொறித்தது, எள்ளில் பாதிதான் இருக்கும். வெறும் கண்ணால் ஒன்றும் தெரியவில்லை, போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்துப் போட்டால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்காரரின் லென்ஸை வாங்கிப் பார்த்தால், நான் B என்று நினைத்தது 8. கடையிலேயே 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, வாங்கும்போதே கேட்டு அங்கேயே படித்துக்கொள்வதுதான் நல்லது.

சரியான எண்ணை BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் போட்டதும் விவரங்கள் வந்தன. பதிவு செய்த நகைக்கடையின் பெயர், ஹால்மார்க் செய்த மையத்தின் பெயரும் முகவரியும், செய்த தேதி, தூய்மை, என்ன வகை நகை என்பது. இதில் இரண்டு விஷயம் என்னை உறுத்தியது. ஒன்று, கடைப் பெயர் நான் வாங்கிய கடை இல்லை. இரண்டாவது, வகை என்ற இடத்தில் Ring என்று இருந்தது. என் கையில் இருப்பதோ சங்கிலி.

முதல் விஷயத்தை நான் பெரிதாக நினைத்துப் பதறினேன், ஆனால் அது தவறு. சின்னக் கடைகள் மொத்த வியாபாரியிடமிருந்து நகையை வாங்கி விற்கும். மொத்த வியாபாரியே தன் பதிவில் ஹால்மார்க் செய்து அனுப்பினால் செயலியில் அவர் பெயர்தான் வரும். கடைப் பெயர் மாறியிருப்பதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் மோதிரத்துக்குக் கொடுத்த எண் சங்கிலியில் இருப்பது அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி எண், ஒரு எண் இரண்டு நகைக்கு வராது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல வகையைத் தப்பாப் போட்டிருப்பாங்கக்கா, தங்கம் தங்கம்தான்" என்றார் கடைக்காரர். மாற்றிக் கொடுக்கிறேன், ஆனால் செய்கூலி சேதாரம் கழிப்பேன் என்றார். எனக்கு அதில் சமாதானம் இல்லை. பதிவில் தவறு நடந்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தவறா, வேறு எதுவுமா என்பதைத் தங்கத்தைச் சோதித்தால்தானே சொல்ல முடியும்? அதனால் மதுரைக்குப் போனேன்.

பொதுமக்கள் நேராகவே ஹால்மார்க் மையத்துக்குப் போய்ச் சோதிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நானும் அது நகைக்கடைக்காரர்களுக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற மையமாக இருக்கவேண்டும், அந்தப் பட்டியல் பிஐஎஸ் இணையதளத்தில் இருக்கிறது. நான்கு நகை வரைக்கும் மொத்தமாக 200 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, எனக்கு 236 ஆனது. ஒன்றுக்கும் நான்குக்கும் ஒரே கட்டணம் என்பதால் அம்மாவின் பழைய வளையல் ஒரு ஜோடியையும் எடுத்துப் போனேன். அங்கே முதலில் எடை போட்டு, ஒவ்வொன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே எடுத்துப் போனார்கள்.

அங்கிருந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார், அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஹால்மார்க் போடக் கடைக்காரர்கள் நகைகளைத் தொகுதியாகக் கொண்டுவருவார்களாம். எக்ஸ்ரே இயந்திரத்தில் ஒவ்வொரு நகையையும் வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கதிர் பட்டதும் தங்கம், செம்பு, வெள்ளி ஒவ்வொன்றும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும், அதை வைத்து எது எத்தனை சதவீதம் என்று கணக்கிடும். ஆனால் இது மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாந்துவிடும். அதனால் தொகுதியிலிருந்து சில நகைகளில் கொஞ்சம் வெட்டி எடுத்து நெருப்புச் சோதனைக்கும் விடுவார்கள். வெட்டிய துணுக்கை வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைத்தால், ஈயமும் செம்பும் உருகி அடியில் இருக்கும் சாம்பல் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும், தங்கமும் வெள்ளியும் மணியாக நிற்கும். அதைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும், மிஞ்சுவது தங்கம். முதலில் இருந்த எடையோடு இதை ஒப்பிட்டால் தூய்மை எவ்வளவு என்று தெரிந்துவிடும். தேறினால்தான் லேசர் பொறிப்பு. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்காவது இருக்கவேண்டும், கூட இருக்கலாம், குறையக் கூடாது.

நான் அவரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டேன்: ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல் பல இடங்களில் பார்க்கச் சொன்னேன். இந்த ஒன்றைத் தயவு செய்து நீங்களும் கேளுங்கள். என் சங்கிலியில் முத்திரை இருந்த தகட்டில் 91.7 வந்தது. அதாவது அந்தத் தகடு அசல் 22 கேரட். கண்ணிகளில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார், எல்லாமே 85-ஐ ஒட்டியே வந்தன. ஒரு கண்ணியின் மேல்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டும் பார்த்தார், அதே அளவுதான். பற்றவைப்புப் பொடியில் தங்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதனால் பற்றவைத்த இடத்தில் மட்டும் எண் சற்று இறங்குவது உண்டாம், அம்மாவின் வளையலில் அப்படித்தான் இருந்தது. என் சங்கிலியில் பற்று இல்லாத இடத்திலும் குறைந்திருந்தது. தகட்டை லென்ஸ் வழியாகக் காட்டினார், அது கண்ணியோடு சேரும் இடத்தில் புதிய பற்று தெரிந்தது, நிறமும் ஒரு துளி மாறியிருந்தது. ஹால்மார்க் ஆன ஏதோ ஒரு நகையின் துண்டை வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார்கள். எந்தக் கையில் நடந்தது, கடையிலா அவருக்கு விற்றவரிடமா, அது எனக்குத் தெரிய வழியில்லை.

இதை ரூபாயில் போட்டுப் பார்த்தேன். 916-க்கும் 850-க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் 66 பங்கு. 16 கிராமுக்கு அது 1.056 கிராம் சுத்தத் தங்கம். அன்றைய விலையைக் கிராமுக்கு 7,500 என்று உருண்டையாக வைத்தால் 7,920 ரூபாய். பிஐஎஸ் விதிகள் 2018-இல் 49-ஆவது விதி, ஹால்மார்க் நகையில் தூய்மை குறைந்தால் அந்தக் குறைவுத் தொகையின் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. அதாவது எனக்கு 15,840, கூடவே 236.

அறிக்கையோடு கடைக்குப் போனபோது பேச்சே மாறிவிட்டது. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எதையும் கழிக்காமல் முழுப் பணத்தையும், சோதனைக்குக் கட்டிய 236-ஐயும் கொடுத்தார். இரண்டு மடங்கைக் கேட்டேன், அதற்கு அசையவில்லை. காதுகுத்துக்கு ஐந்தே நாள் இருந்ததால் பணத்தை வாங்கிக்கொண்டு சங்கிலியைக் கொடுத்துவிட்டேன். அதில்தான் தப்புப் பண்ணினேன். பிறகு BIS Care செயலியிலேயே Complaints பகுதியில் புகார் பதிந்தேன். பதிவு எண் வந்தது, பில், அறிக்கை, தகட்டின் படம் எல்லாம் கொடுத்தேன், ஆனால் நகை என்னிடம் இல்லை. புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அது முடியும்வரை நகையைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

புதிய சங்கிலியை மதுரையில் வேறு கடையில் வாங்கினேன். அங்கே உட்கார்ந்தபடியே லென்ஸ் கேட்டு எண்ணைப் படித்து, செயலியில் Chain என்று வந்ததைப் பார்த்து, தகடு சேரும் இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹெச்யுஐடியைப் பில்லிலேயே எழுதித் தரச் சொன்னேன். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுவும் பில்லில் தனியாக இருந்தது. செயலியில் எடை வரவில்லை, அதனால் எடையைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வேலைதான், கடைத் தராசில் ஒரு முறை என் கண்ணெதிரே போடச் சொன்னேன். விற்பனைப் பெண் கொஞ்சம்கூட முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தார். முக்கால் மணி நேரம் ஆனது.