தேதி மாறும் முன்: நைட் ஆடிட்டில் ஒரு 720-ஐத் தேடிப் பிடிப்பது

பல ஓட்டல்களின் கம்ப்யூட்டரில் தேதி தானாக மாறாது. மணி 2 ஆனாலும் 3 ஆனாலும், இரவில் அன்றைய கணக்கைச் சரிபார்க்கும் நைட் ஆடிட்டர் அந்த நாளின் கணக்கை முடித்து வைக்கும்வரை அங்கே நேற்றைய தேதிதான் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளிதான் வேலையின் உயிர். தேதி மாறுவதற்கு முன்னால் கண்ட பிழையை அந்த நாளுக்குள்ளேயே ரத்து செய்து சரியாகப் போட்டுவிடலாம். மாறிய பிறகு கண்டால், மறுநாள் கணக்கில் கழித்தல் குறியோடு ஒரு சரிக்கட்டுப் பதிவு போட வேண்டும். போய்விட்ட விருந்தினரின் பில் என்றால், பல மென்பொருட்களில் அதை மறுபடி திறப்பதே பெரும்பாடு.

அதனால் முதல் வேலை காத்திருப்பது. உணவகமும் பாரும் கடைசி பில்லைப் போட்டு முடிக்கவேண்டும். பகலிலும் மாலையிலும் இருந்த கேஷியர்கள் அத்தனை பேரும் தங்கள் ஷிப்டை கம்ப்யூட்டரில் மூடியிருக்கவேண்டும். ஒருவர் மூடாமல் வீட்டுக்குப் போயிருந்தாலும் அந்த இரவின் மொத்தம் எதுவும் நம்பத்தக்கதல்ல.

அதன்பின் ஒப்பிடுவது. ரொக்கம் சுலபம்: கேஷியர் உறையில் போட்ட பணம், அவர் ஷிப்ட் அறிக்கை, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். மெனக்கெட வைப்பது கார்டு. கம்ப்யூட்டரில் கார்டு வசூல் 64,320 என்றும், ஸ்வைப் மெஷின்கள் ஒருசேர வங்கிக்கு அனுப்பும் வசூலான பேட்ச் மொத்தம் 63,600 என்றும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 720 இடிக்கிறது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஓட்டல் மென்பொருள் தன்னளவில் சரியாகவே இருக்கும். நேற்றைய பாக்கியோடு இன்றைய பில்களைக் கூட்டி வசூலைக் கழித்தால் இன்றைய பாக்கி வரும். இந்தக் கூட்டல் கழித்தலைக் காட்டும் ட்ரையல் பேலன்ஸில் ஒரு பைசா இடிக்காது. மென்பொருளுக்குள் தட்டிய தொகையை மட்டுமே அது அறியும், மெஷினில் தட்டியதை அறியாது. வெளியே இருக்கும் இன்னொரு காகிதத்தோடு ஒப்பிட்டால்தான் இந்த 720 தலைகாட்டும்.

பில் பில்லாகப் புரட்டும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று, எல்லா மெஷின்களின் மொத்தமும் கையில் இருக்கிறதா? உணவகத்து மெஷின் தனி, முன்மேசை மெஷின் தனி. அதில் ஒன்று தானாகவே குறித்த நேரத்தில் பேட்சை மூடி செட்டில் ஆகிற வகை என்றால், அந்த நேரத்துக்குப் பின் தேய்த்த பணம் அடுத்த பேட்சில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு, பிரீ-ஆத் ஸ்லிப் ஏதாவது வசூலாகப் பதிவாகியிருக்கிறதா? பிரீ-ஆத் என்பது செக்-இன் நேரத்தில் கார்டில் பணத்தைப் பிடித்து வைப்பது மட்டுமே, வசூல் அல்ல. செக்-அவுட்டில் அதை முடித்து வாங்க மறந்தால், கம்ப்யூட்டரில் பணம் வந்துவிட்டது, பேட்சில் வரவில்லை என்றாகும். மூன்று, கார்டில் குறைகிற தொகை ரொக்கத்தில் கூடுதலாக இருக்கிறதா? அப்படி இருந்தால் பணம் எங்கும் போகவில்லை, ரொக்கமாக வாங்கியதைக் கார்டு என்று தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றும் இல்லையென்றால் எண்ணையே விசாரிக்கவேண்டும். முதலில் 720-க்கே ஒரு பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதற்கான ஸ்லிப்பே இல்லாமல் போயிருக்கலாம், அல்லது ஒரே வசூல் இரண்டு முறை பதிவாகியிருக்கலாம். அடுத்து அதன் பாதி, 360. திருப்பிக் கொடுத்த 360-ஐ வசூலாகத் தட்டினால் வித்தியாசம் இரட்டிப்பாகி 720 ஆகும். இரண்டும் இல்லையென்றால் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 720 வகுபடுகிறது, ஈவு 80. பூச்சியத்தில் முடிவதால் இடம் மாறியவை பத்தின் இடமும் நூறின் இடமும். 8 என்பது அந்த இரண்டு இலக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். ஆக, தேடவேண்டியது அந்த இடங்களில் 9-ம் 1-ம், அல்லது 8-ம் 0-ம் அடுத்தடுத்து வரும் தொகையை மட்டும். எண்பது ஸ்லிப் இருந்தாலும் கண் நிற்கவேண்டியது இரண்டு மூன்றில்தான். (ஒன்பதால் வகுபடுவது ஒரு தடயம் மட்டுமே. இரண்டு வேறு பிழைகள் சேர்ந்தும் தற்செயலாக அப்படி ஒரு எண் வரலாம்.)

கிடைத்தது: கம்ப்யூட்டரில் 2,910, ஸ்லிப்பில் 2,190. இங்கேதான் அவசரக்காரர்கள் கோட்டை விடுவார்கள். ஸ்லிப்தானே உண்மையான பணம் என்று கம்ப்யூட்டரில் 2,190 ஆக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எது தவறு என்று தெரியாமல் திருத்தினால் மொத்தம் ஒத்துப்போகும், ஆனால் ஒரு விருந்தினரின் கணக்கில் பாக்கி முளைக்கலாம், அது யாருக்கும் தெரியாது. அவருடைய கணக்கைத் திறந்து பார்க்கவேண்டும். பில் 2,190-தான், கம்ப்யூட்டரில் தட்டியவர் 2,910 என்று தட்டிவிட்டார் என்றால், கணக்கில் 720 உபரி வரவாக நிற்கும். உபரி நின்றால் செக்-அவுட் ஆகாது, விருந்தினர் இன்னும் அறையில் இருப்பவராகவே இருப்பார். அப்போது திருத்தம் எளிது. கணக்கு பூச்சியத்தில் முடிந்து ஆள் புறப்பட்டுப் போயிருந்தால் பில் 2,910. மெஷினில்தான் தவறாகத் தட்டியிருக்கிறார்கள், ஓட்டலுக்கு 720 வரவேண்டும்.

இந்த இரண்டாவது நிலையில் ஆடிட்டர் செய்யவேண்டியது: தேதி மாறும் முன் அந்த செக்-அவுட்டைத் திரும்ப எடுத்து, வசூலை 2,190 என்று திருத்தி, மீதி 720-ஐ மேலாளர் ஒப்புதலோடு வரவேண்டிய பாக்கிக் கணக்குக்கு மாற்றி, மறுபடி செக்-அவுட் செய்வது. செய்யக்கூடாதது: பதிவில் இருக்கும் கார்டில் அவரைக் கேட்காமல் 720-ஐத் தேய்ப்பது; உணவகப் பில்லில் 720 தள்ளுபடி போட்டு மறைப்பது. தள்ளுபடி போட்டால் இரவு நிம்மதியாகக் கழியும், மாதக் கடைசியில் உணவக மேலாளர் வந்து நிற்பார்.

கார்டு தீர்ந்தபின் அறை வாடகை. இன்று புறப்படவேண்டியவர் பட்டியலில் இன்னும் யாராவது இருந்தால் அவர் உண்மையில் தங்கியிருக்கிறாரா என்று ஹவுஸ்கீப்பிங் அறிக்கையோடு பார்த்துவிட்டுத்தான் வாடகை ஏற்றவேண்டும். ஏற்றியதும் ஓர் எண்ணிக்கை: 84 அறையில் ஆள், அதில் 2 இலவசம் என்றால் வாடகைப் பதிவுகள் 82 இருக்கவேண்டும். 83 இருந்தால் யாருக்கோ இரண்டு முறை ஏறியிருக்கிறது, அல்லது பகல் மட்டும் தங்கியவரின் வாடகை கலந்திருக்கிறது.

தேதியை மாற்றும் பொத்தானுக்கு முன் தங்கியிருப்பவர்கள் பட்டியலும் அவர்களின் பாக்கித் தொகையும் அச்செடுத்துவிடுவது நல்ல பழக்கம். மாற்றம் நடுவில் தொங்கிவிட்டால் காலையில் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம் மட்டுமே. மாறி முடிந்ததும் புதிய நாளின் தொடக்கப் பாக்கியும் பழைய நாளின் முடிவுப் பாக்கியும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, பதிவேட்டில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: அறை எண், பில் எண், 2,910-க்குப் பதில் மெஷினில் 2,190, குறைவு 720, பாக்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டது, ஸ்லிப் நகல் இணைப்பு, ஒப்புதல் கொடுத்தவர் பெயர், நேரம். எந்த ஷிப்டில் தட்டியது என்பது ஸ்லிப்பில் இருக்கும் நேரத்திலேயே தெரியும். அதைப் பதிவேட்டில் தனியாக எழுதத் தேவையில்லை.