ஏழு பொட்டலம் உப்பு

ஜூன் 8, ஞாயிறு இரவு

சமையல் தராசு இரண்டு கிராம், மூன்று கிராமுக்கெல்லாம் ஒழுங்காகக் காட்டுவதில்லை. ஒரு சிட்டிகை போட்டால் சுழி, இன்னொரு சிட்டிகைக்குத் திடீரென்று 3. அதனால் வாரத்துக்கும் சேர்த்து 49 கிராம் நிறுத்தேன். எவர்சில்வர் தட்டில் கொட்டி, கரண்டிக் காம்பால் ஏழு குவியலாகப் பிரித்து, நாட்டு மருந்துக் கடையில் மடித்துத் தருகிற மாதிரி ஏழு பொட்டலம் மடித்தேன். ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதியாயிற்று.

இரண்டு பேருக்கும் பிரஷர். ஒரு நாளைக்கு 7 கிராம், எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து. ஆளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான் மூன்றரையில் நிறுத்தியிருக்கிறேன், வெளியில் எங்காவது வாயில் படுவதற்கு இடம் விட்டு.

இதுவரை எவ்வளவு சாப்பிட்டோம் என்பதுதான் தூங்கவிட மாட்டேன் என்கிறது. ஏப்ரல் 17 அன்று பிரித்த ஒரு கிலோ உப்பு ஜூன் 6 அன்று தீர்ந்தது. ஐம்பது நாள். அப்படியென்றால் நாளைக்கு 20 கிராம், தலைக்கு 10. அப்பளமும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் இல்லை.

ஜூன் 9, திங்கள்

காலை 6.40. பிரஷர் அவருக்கு 152/88. எனக்கு 144/84. பாத்ரூம் போய்விட்டு வந்து, நாற்காலியில் முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மாத்திரைக்கு முன்னால். போன மாதமெல்லாம் காபி குடித்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாவில் நேற்று உப்பே போடவில்லை. நன்றாகத்தான் பொங்கியிருந்தது, ஆனால் இந்த வெயிலுக்குக் கொஞ்சம் முந்தியே புளித்துவிட்டது. இட்லிக்கு எடுக்கும்போது, எடுத்த மாவுக்கு மட்டும் பொட்டலத்திலிருந்து கால் ஸ்பூன். கொத்தமல்லி தேங்காய்ச் சட்னிக்கு உப்பு இல்லை, அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக ஐந்து, இன்று நான்கு.

மதியம் முருங்கைக்கீரை பாசிப்பருப்புக் கூட்டு, மிளகு ரசம். ராத்திரி சப்பாத்தி, கொண்டைக்கடலை. சப்பாத்தி மாவுக்கு இத்தனை வருஷமாக எதற்காக உப்புப் போட்டோம் என்று தெரியவில்லை. தொட்டுக்கொள்வதில் இருந்தால் போதும்.

பொட்டலத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஜெயித்த மாதிரி இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு முழுக்கத் தயிர் யோசனைதான்.

தயிர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை. பால் சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம் என்பது வீட்டுக்காரர் தானாக எடுத்த முடிவு. முடிவெடுத்தது அவர், மதியம் கடைசிச் சோற்றைத் தட்டில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவர்தான். நாற்பது வருஷமாகத் தயிர் ஊற்றி முடித்த கை எங்கே போகும்?

யோசித்துப் பார்த்தால் தயிரில் உப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தயிர்ச்சோறு தனியாக வராது, அதுதான் விஷயம். நாரத்தங்காய் வரும், மோர் மிளகாய் வரும், மாவடு வரும். சாப்பாட்டில் உப்பு மொத்தமாக இறங்குகிற இடம் அந்தக் கடைசி நாலு வாய். அப்பளமும் அப்படித்தான். அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். பொரிக்கும்போது உப்புப் போடவில்லையே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்பள டின்னைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் நிலக்கடலைத் தயிர் முயற்சி செய்தேன். ஊறவைத்து அரைத்து வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் நாலைந்து மிளகாய்க் காம்பு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

பாலை முழுக்க நிறுத்தினால் பி12 மாத்திரை வேண்டும். செடியிலிருந்து வருவதில் அது கிடைக்காது. டாக்டரிடம் கேட்க வேண்டிய பட்டியலில் எழுதிவிட்டேன்.

காலையில் கேழ்வரகு தோசை. மதியம் புளிக்குழம்பு, அது தப்பு. புளி கொதிக்கக் கொதிக்க உப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாதிப் பொட்டலம் அதிலேயே போயிற்று. இனி புளிப்பு என்றால் எலுமிச்சையும் மாங்காயும்தான், அதுவும் அடுப்பை அணைத்த பிறகோ கடைசியிலோ.

ஜூன் 11, புதன்

நிலக்கடலைத் தயிர் உறைந்தது. பச்சைக் கடலை வாசம். அவர் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல, தாளிச்சுப் பார்ப்போம்" என்றார். தாளித்தேன். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி. கிண்ணம் காலி.

மதியம் கூட்டாஞ்சோறு. அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை, தோலோடு நாலு துண்டு மாங்காய். தேங்காய், சீரகம், வற்றல், சின்ன வெங்காயம் அரைத்து விட்டது. இதற்கு முன்பு உப்பு கையளவுதான், அளந்ததே இல்லை. இன்று வேகும்போது ஒன்றும் போடவில்லை. இறக்கிக் கிளறும்போது பொட்டலத்தில் பாதிக்கும் குறைவாக, விரல் நுனியால் மேலாகத் தூவினேன். உள்ளே கரைந்து போகிற உப்பு நாக்குக்கு எட்டுவதில்லை, மேலே கிடக்கிற உப்பு முதல் வாயிலேயே தெரிகிறது. பொரியலுக்கும் இனி இப்படித்தான்.

கூட்டாஞ்சோற்றுக்கு வடகம் இல்லாமல் ஒரு மாதிரியாக இருந்தது உண்மை. உப்பில்லாமல் வறுத்த கடலையைத் தட்டோரம் வைத்தேன்.

காலை 138/80. நான் 136/82.

ஜூன் 12, வியாழன், காலை

கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அதே நாள், இரவு

எழுதினால்தான் கை நடுக்கம் நிற்கும்.

உட்கார வைத்துப் பார்த்தபோது 128/76. நன்றாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் நிற்க வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன். 106/68. மேலே உள்ள எண் 22 இறங்கியிருக்கிறது. நிற்கும்போது 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அம்மா விழுந்த வருஷத்திலிருந்து தெரியும். உட்கார்ந்து மட்டும் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுத்த வேலைக்குப் போயிருப்பேன்.

போனில் டாக்டர் முதலில் கேட்டது, என்ன மாற்றினீர்கள் என்று. உப்பை என்றேன். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு? பத்திலிருந்து மூன்றரைக்கு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிரஷருக்கு வீட்டுக்காரர் சாப்பிடுவது டெல்மிசார்டான், கூட ஒரு தண்ணீர் மாத்திரை. அந்தத் தண்ணீர் மாத்திரையின் வேலையே உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளுவது. நான் இந்தப் பக்கம் உள்ளே போவதை ஒரே நாளில் மூன்றில் ஒன்றாக்கிவிட்டேன், அது அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. போதாததற்கு வெயிலில் நடை. வயதானவர்களுக்கு இப்படி ரத்தத்தில் சோடியமே குறைந்துபோவது உண்டாம். தலைசுற்றல், சோர்வு, ரொம்பக் குறைந்தால் பேச்சுக் குழறல், குழப்பம். அவரிடம் இன்றைய தேதி என்ன, பேத்தி எந்த வகுப்பு என்று நாலு தடவை கேட்டுவிட்டேன். நாலாவது தடவை கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லளா" என்றார்.

தண்ணீர் மாத்திரையை ரிசல்ட் வரும்வரை நிறுத்தச் சொன்னார் டாக்டர். மற்றதைத் தொடர வேண்டும். சனிக்கிழமை ரத்தம்: சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின். குழறலோ குழப்பமோ தெரிந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. உப்பு ஆளுக்கு 5 கிராம் வரை போகலாம், அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். எழும்போது முதலில் உட்கார்ந்து, காலை அசைத்து, பிறகு நிற்க வேண்டும்.

எனக்குத் தலை சுற்றவே இல்லை. நான் சாப்பிடுவது அம்லோடிபின் மட்டும். ஒரே சட்டி, ஒரே பொட்டலம், இரண்டு உடம்பு. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். உப்பைக் குறைக்கப்போகிறோம் என்று ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

ஜூன் 13, வெள்ளி

மிச்சம் இருந்த மூன்று பொட்டலத்தையும் பிரித்து, தட்டில் கொட்டி, இன்னும் 9 கிராம் நிறுத்துச் சேர்த்து, மூன்றாகத் திரும்ப மடித்தேன். பத்துப் பத்து.

மகள் பேசினாள். போன தடவை வந்தபோது அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட் இருக்கிறதே, அதைப் போட வேண்டியதுதானே என்றாள். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டான் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கிற மருந்து. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொடக் கூடாது. "அப்போ இந்துப்பு?" என்றாள். அதுவும் சோடியம் குளோரைடுதான் அம்மா, என்றேன். கல்லுப்பும் அதுதான். கல்லுப்பு ஒரு ஸ்பூனில் எடை குறைவாக நிற்கும், அதை வைத்து நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிறுத்தால் எல்லாம் ஒன்று. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் இதை இப்போதுதான் நிறுத்துப் பார்க்கிறேன்.

மதியம் உளுந்தம்பருப்புச் சோறு. தோலுளுந்து, பூண்டு, தேங்காய்த்துருவல், வெந்தயம் கொஞ்சம். எள்ளுத் துவையலில் மட்டும் உப்பு, சோற்றில் இல்லை. எள்ளை வாசம் வரும்வரை வறுத்தால் பாதி உப்பின் வேலையை அது பார்த்துவிடுகிறது. பக்கத்தில் மாங்காய் போட்ட அவியல், தயிர் இல்லாமல்.

நின்று பார்த்தது: 118/72. இறக்கம் 12.

ஜூன் 14, சனி

ரத்தம் கொடுத்தாயிற்று. கம்பங்கூழ், சின்ன வெங்காயம். ராத்திரி சேமியா கிச்சடி, அவர் பாதி வைத்துவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

சொதி.

முழுத் தேங்காய் போட்டுத்தான் பழக்கம், இன்று ஒரு மூடி. மூன்றாம் பாலில் காய் வேக வைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, இரண்டாம் பால், கடைசியில் முதல் பால் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கினேன். காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய். எலுமிச்சை இறக்கி ஆறிய பிறகு. உப்பும் அப்போதுதான். நம் ஊர்ச் சாப்பாட்டில் பாலும் தயிரும் இல்லாமலே ராஜாவாக நிற்பது இது ஒன்று, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் இருந்தால் போதும். அவர் இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னார். தயிரைத் தேடவில்லை. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் காலையும் மாலையும் கூட்டி வகுத்தேன். அவர் 134/78, நான் 132/80. வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் அவருடையதில் பாதி நாள் ஒரு மாத்திரையோடு, பாதி நாள் அது இல்லாமல். இதை ஒரே எண்ணாகக் காட்டினால் டாக்டர் என்ன புரிந்துகொள்வார்? இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு போக வேண்டும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வாகையடி முக்கு வரை நடந்து போக வேண்டும் என்கிறார்.

ஜூன் 16, திங்கள்

மணி ஆறேகால். ரிசல்ட் சாயங்காலம் என்றார்கள். அடுத்த வாரத்துக்கு 70 கிராம் நிறுத்துத் தட்டில் கொட்டியிருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. போன் அடிக்கிறது