படத்தில் வந்த பணம்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் வழியாகச் சுங்குடிச் சேலைகள் விற்று வருகிறேன். 2025 தீபாவளிக்கு ஆறு நாள்களே இருந்த அக்டோபர் 14 மாலையில், ஒரு பெண் மூன்று சேலைகளைத் தேர்ந்தெடுத்து, 4,350 ரூபாய் செலுத்திவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "அக்கா, ஊருக்குக் கிளம்புகிறோம், இன்றைக்கே கொரியரில் போட்டுவிடுங்கள்" என்ற வேண்டுகோளும் உடன் வந்தது. பச்சை நிற டிக் குறி, என் பெயர், தொகை, தேதி, நேரம் என அந்தப் படத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன. பார்சலும் கட்டி முடித்திருந்தேன்.

வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது அந்தத் தொகை வரவில்லை. திருவிழா நாள்களில் பணம் சற்றுத் தாமதமாக வருவதும் உண்டு என்பதால், படத்தை மீண்டும் எடுத்து, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாகத் தரப்படும் 12 இலக்க யுடிஆர் எண்ணை அதில் பார்த்தேன். யுபிஐ பரிமாற்றங்களில் இந்த எண்ணின் முதல் இலக்கம் பொதுவாக ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். அக்டோபர் 14 ஆண்டின் 287ஆவது நாள். எனவே எண் 5287 என்று தொடங்கியிருக்க வேண்டும். படத்தில் 5203 என்று இருந்தது. 203ஆவது நாள் ஜூலை 22. எப்போதோ யாருக்கோ பணம் செலுத்திய படத்தில் பெயரையும் தொகையையும் தேதியையும் மாற்றியவர், எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

இந்தக் கணக்கு பொய்யைக் காட்டிக்கொடுக்குமே தவிர, மெய்யை நிரூபிக்காது. விவரம் தெரிந்தவர் எண்ணையும் திருத்திவிடுவார். பணம் வந்ததாக வரும் குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்ப முடியும் என்பதால், வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலில் அதே யுடிஆர் எண்ணும் தொகையும் தெரிந்த பிறகுதான் இப்போது பார்சலில் முகவரியையே ஒட்டுகிறேன்.

ஆனால் பணம் வராத எல்லாரும் ஏமாற்றுபவர்கள் அல்லர் என்பதை நான் மறந்துவிடக் கூடாது. வாங்குபவரின் கணக்கில் கழிந்த பணம் விற்பவருக்கு வராமல் நடுவில் நின்றுவிடுவது உண்மையாகவே நடக்கிறது. கடைகளுக்குச் செலுத்தும் யுபிஐ பணம் இப்படி நின்றுபோனால், ஐந்து நாள்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதி. அதனால் யாரிடமும் "இது போலி" என்று நான் சொல்வதில்லை. "தொகை இன்னும் என் கணக்கில் ஏறவில்லை, ஏறியதும் அனுப்புகிறேன், சேலையை எடுத்து வைத்திருக்கிறேன்" என்று மட்டும் எழுதுகிறேன். நேர்மையானவர் தம் வங்கியில் விசாரிக்கிறார். அந்தப் பெண் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

கார்டு வழியாக வந்த பணத்தில் எனக்கு நேர்ந்த இழப்புக்கு என் கவனக்குறைவும் ஒரு காரணம். பணம் செலுத்திய பிறகு, வேறொரு முகவரிக்கு அனுப்பச் சொன்னவரை நம்பி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, கார்டின் உரிமையாளர் இந்தச் செலவு தம்முடையதல்ல என்று வங்கியில் முறையிட்டதாக அறிவிப்பு வந்தது. தொகை பிடித்து வைக்கப்பட்டது. ஆர்டரில் இருந்த முகவரி ஒன்று, டெலிவரி ஆன முகவரி வேறொன்று என்பதால், நான் சமர்ப்பித்த கொரியர் ரசீது எனக்கே எதிரான சான்றாகிவிட்டது. இப்போது முகவரி மாற வேண்டுமென்றால், பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதிய ஆர்டராகவே போடச் சொல்கிறேன்.

திரும்பி வரும் சேலைகளில்தான் மனம் அதிகம் நோகிறது. ஒருமுறை, சாயம் சரியில்லை என்று திரும்பிய பார்சலில் என் சேலைக்குப் பதிலாகத் துவைத்து நைந்த வேறொரு சேலை இருந்தது; பிரித்த பிறகு எடுத்த புகைப்படத்தை யாரும் சான்றாக ஏற்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சேலையின் முந்தானை ஓரத்திலும், உட்புறமாக, அதே நிற நூலில் மூன்று சிறு தையல் போடுகிறேன். பார்சல் கிளம்பும்போது எடையைக் குறித்துக்கொள்கிறேன். திரும்பி வந்தால், முகவரிச் சீட்டைக் காட்டி, தராசில் வைத்து, பிறகு கத்தரித்து, முந்தானையை விரித்துக் காட்டுவது வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கிறேன். கடந்த மாதம் 510 கிராமாகப் போன ஒரு பார்சல் 420 கிராமாகத் திரும்பியது. அந்த வீடியோவில் தராசின் எண்ணும், தையலில்லாத முந்தானையும் தெளிவாகத் தெரிந்ததால், நான் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. எனினும் அனுப்பிய என் சேலை இன்றுவரை திரும்பி வரவில்லை.