மார்ச் மாதத்தில் ஒரு விடுப்புக் கடிதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சார்கருவூலத்தில் நான் கணக்கராக இருந்த காலத்தில், புதிதாகப் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர் ஒருவர் தமது முதல் விடுப்புக் கடிதத்தைப் பலமுறை மாற்றி எழுதினார். விண்ணப்பங்கள் தாளில் எழுதப்பட்ட நாட்கள் அவை. கிழித்துப் போடாமல், பழைய பட்டியல்களின் பின்புறத்தில் எழுதி எழுதி இழுப்பறையில் வைத்திருந்தார் என்பதால், அந்தக் கடிதம் எப்படி மாறியது என்பதை வரிசையாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அவருடைய தாயாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் மார்ச் 9 திங்கட்கிழமை சேர்ந்து, மறுநாள் சிகிச்சை முடித்து, புதன்கிழமை கட்டுப் பிரித்துப் பார்த்த பிறகு ஊர் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சிக்கல் மாதத்தில் இருந்தது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், எல்லா அலுவலகங்களும் ஒதுக்கீட்டைச் செலவழித்துவிட்டுப் பணம் கோரும் பட்டியல்களை அந்த மாதத்தில்தான் கருவூலத்துக்கு அனுப்பும். அந்த மாதத்தில் விடுப்புக் கேட்பதற்குப் பழைய ஆட்களே தயங்குவார்கள். சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர் எப்படித் தயங்கியிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தயக்கம் முழுவதும் முதல் வரைவில் இருந்தது. தந்தையார் காலமானது, வீட்டுக்கு ஒரே மகன் என்பது, தாயார் கிணற்றடியில் தடுக்கி விழுந்தது, மார்ச் மாதத்தின் முக்கியத்துவத்தைத் தாம் உணர்ந்திருப்பது என்று ஒரு முழுப் பக்கம் நீண்டிருந்தது. படித்தால் மனம் இளகும். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. மறுநாள் அதைப் படித்துப் பார்த்துக் கூச்சப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வரைவு எதிர்த்திசையில் ஓடி, “சொந்த அலுவல் காரணமாக விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. அரசுப் பணியில் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பணியின் நலன் கருதி அதை மறுக்கும் அதிகாரம் அலுவலருக்கு உண்டு என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பிந்தைய வரைவில் “எடுத்துக்கொள்கிறேன்” என்பது “அனுமதிக்கும்படி வேண்டுகிறேன்” என்று மாறியிருந்தது.

கடிதம் என்னிடம் முதன்முறையாக வந்தபோது அதில் “7-ஆம் தேதி முதல் 11-ஆம் தேதி வரை 5 நாட்கள் தற்செயல் விடுப்பு” என்று இருந்தது. ஒருவர் எத்தனை நாள் அலுவலகத்தில் இல்லை என்பதும், அவர் கணக்கில் எத்தனை நாள் கழிகிறது என்பதும் வேறு வேறு. ஆண்டுக்குக் கிடைக்கும் தற்செயல் விடுப்பு 12 நாட்கள். அதில் வேலைநாட்கள் மட்டுமே கழியும். முன்னாலும் பின்னாலும் இடையிலும் வரும் விடுமுறைகள் கழிவதில்லை; ஆனால் அவற்றையும் சேர்த்து ஒருவர் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வராமல் இருக்கக் கூடாது. சனி, ஞாயிறு இரண்டையும் முன்னிணைப்பாகக் காட்ட வேண்டுமே தவிர, விடுப்பாகக் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் திருத்திக்கொண்டு வந்ததில் இன்னும் கூடுதல் கவனம் தெரிந்தது. 10-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை. மாசி மாதக் கடைசிச் செவ்வாயன்று வரும் அந்தக் கொடைக்கு எங்கள் மாவட்டத்தில் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம், அவ்வாண்டும் அறிவித்திருந்தார். ஆகவே திங்கள், புதன் ஆகிய 2 நாட்கள் மட்டுமே விடுப்பு என்று அழகாகக் கணக்கிட்டிருந்தார். வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் அந்தக் கணக்கு சரிதான்.

“மக்களே, செவ்வாய்க்கிழமை உனக்கு லீவுன்னு யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

“கலெக்டர் ஆர்டர் வந்திருக்கே சார்.”

“அந்த ஆர்டர கடைசி வரைக்கும் படிச்சியா?”

உள்ளூர் விடுமுறை ஆணைகளின் இறுதிப் பத்தியைப் பெரும்பாலானோர் படிப்பதில்லை. பள்ளி உண்டா இல்லையா, அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலைநாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் பொது விடுமுறை அல்ல என்பதால், அவசர அலுவல்களைக் கவனிக்க மாவட்டக் கருவூலமும் சார்கருவூலங்களும் குறிப்பிட்ட பணியாளர்களைக் கொண்டு இயங்க வேண்டும் என்று அந்தப் பத்தி சொல்லும். ஊர் முழுவதும் மண்டைக்காட்டுக்குப் பேருந்து ஏறும் நாளில் எங்களில் சிலர் மட்டும் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்திருப்போம். யார் யார் என்பதற்கு ஒரு பணிப் பட்டியல் உண்டு. எல்லா அலுவலகங்களிலும் போலவே எங்கள் பட்டியலிலும் புதியவரின் பெயர்தான் முதலில் ஏறியிருந்தது. அவர் அதில் சுருக்கொப்பமும் இட்டிருந்தார், பத்தோடு பதினொன்றாக வந்த சுற்றறிக்கை என்று நினைத்து.

எனவே அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து 3 நாட்கள் கேட்கலாம். அல்லது அன்றைய பணியை ஏற்க ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு 2 நாட்கள் கேட்கலாம். முதல் வழியில் ஒரு நாள் விடுப்பு கூடுதலாகப் போவதோடு, பட்டியலிட்ட பணியிலிருந்து விலகும் காரணத்தையும் விளக்க வேண்டும். அலுவலகத்துக்கு அருகிலேயே குடியிருந்த முதுநிலை ஊழியர் ஒருவர், “அதுக்கென்ன தம்பி, நான் வாறேன். நீ அம்மையக் கூட்டிட்டுப் போ” என்று ஒப்புக்கொண்டதால் இரண்டாம் வழியே அமைந்தது.

திங்களும் புதனும் அவருடைய இருக்கையை யார் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. வரும் பட்டியல்களைப் பெற்று டோக்கன் எண் வழங்குவது அவர் வேலை. டோக்கன் விழாமல் எந்தப் பட்டியலும் கணக்கரின் மேசைக்கு நகராது. இந்த ஒரு தகவலுக்காகத்தான் அலுவலர் அந்தக் கடிதத்தைப் படிக்கிறார் என்பது என் எண்ணம். தாயாரின் நிலையைப் பற்றி எத்தனை வரி எழுதினாலும் வெளியே நிற்கும் பட்டியல்காரருக்கு டோக்கன் கிடைத்துவிடாது. மாற்று ஏற்பாட்டை எழுதிய பின், மாவட்டத்தை விட்டு வெளியே செல்வதால் தலைமையிடத்தை விட்டுச் செல்லும் அனுமதியையும், விடுப்புக் கால முகவரியையும் சேர்க்கச் சொன்னேன்.

இறுதிக் கடிதத்தின் உடல் இவ்வளவுதான்: “என் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சையின் பொருட்டு, 09.03 மற்றும் 11.03 ஆகிய 2 நாட்கள் தற்செயல் விடுப்பும், 07.03, 08.03 ஆகிய அரசு விடுமுறை நாட்களை முன்னிணைப்பாகவும் 10.03 உள்ளூர் விடுமுறையை இடையிலும் அனுபவித்துக்கொள்ளவும், 06.03 அலுவலக நேரத்திற்குப் பின் தலைமையிடத்தை விட்டுச் செல்லவும் அனுமதி வழங்கும்படி பணிந்து வேண்டுகிறேன். 10.03 அன்றைய பணியையும், விடுப்பு நாட்களில் எனது இருக்கைப் பணியையும் கவனிக்க உடன்பணியாளர்கள் இசைந்துள்ளனர். 12.03 முற்பகல் பணிக்குத் திரும்புவேன்.” முகவரி கீழே இருந்தது. முதல் வரைவின் முழுப் பக்கத்திலிருந்து எஞ்சியவை, தாயாரும் கண்ணும் வரும் அந்தச் சில சொற்கள் மட்டுமே. அவற்றையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்; வேண்டாம் என்றேன். மார்ச் மாதத்தில் “சொந்த அலுவல்” என்று மட்டும் எழுதினால் அலுவலர் கூப்பிட்டுக் கேட்பார்.

உதவிக் கருவூல அலுவலர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். தேதிகளில் விரலை வைத்து நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, “பணிப் பட்டியல்ல பேரு மாத்தியாச்சா? வாயால சொன்னா போதாது” என்றார். பட்டியலில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதி, மாற்றுக்கு ஒப்புக்கொண்டவர் சுருக்கொப்பமிட்டுக் கொண்டுவந்த பிறகே கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. தற்செயல் விடுப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 12-இல் 2 கழிந்து, மீதி 10 என்று நான் எழுதினேன்.