டிரம் லெவல் நாட்குறிப்பு: தண்ணீர்க் கணக்கு எங்கேயோ உதைக்கிறது

ஜனவரி 8

மதுரைக்கு வெளியே இருக்கும் இந்தச் சர்க்கரை ஆலையில் எனக்கு இது முதல் சீசன். பாய்லர் மணிக்கு 70 டன் நீராவி தரும், அழுத்தம் 67 கிலோ, எரிப்பது கரும்புச் சக்கை. சேர்ந்த அன்றே காதில் விழுந்த புகார், மில்லில் கரும்பு அடைத்து அரவை நின்றால், தண்ணீரும் நீராவியும் பிரியும் டிரம்மில் லெவல் எகிறுகிறது என்பது. முழு லோடில் அதே லெவல் அசையாமல் நிற்கும்.

இன்று மதியம் நேரிலேயே பார்த்துவிட்டேன். மில் அடைத்துக்கொண்டது. நீராவித் தேவை இரண்டு மூன்று நிமிடத்தில் பாதிக்கு வந்தது. லெவல் முதலில் 40 மில்லிமீட்டர் கீழே போனது, அப்புறம் திரும்பி ஏற ஆரம்பித்து நிற்கவே இல்லை. +120-இல் அலாரம் அடித்தது. +200-இல் டர்பைன் டிரிப். அதற்குள் ஆபரேட்டர் அண்ணன் ஃபீட்வாட்டர் வால்வை மேனுவலில் போட்டு மூடிக்கொண்டு வந்தார்.

“வழக்கம்தான் தம்பி. டியூனிங் சரியில்லைன்னு ரெண்டு தடவை ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க” என்றார்.

முதலில் லெவல் இறங்கியதில் தப்பே இல்லை. நீராவி எடுப்பது குறைந்தால் டிரம்மில் அழுத்தம் ஏறும், தண்ணீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழிகள் சுருங்கும், தண்ணீரின் எடை மாறாமலே மட்டம் மட்டும் இறங்கும். என் சந்தேகம் அடுத்து வந்த ஏற்றத்தின் மேல்தான்.

ஜனவரி 9

ஆலையை ஓட்டும் கண்ட்ரோல் கம்ப்யூட்டரான டிசிஎஸ்ஸின் லாஜிக்கைத் திறந்து பார்த்தேன். கட்டமைப்பு பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது.

லெவலை மட்டும் பார்த்து வால்வை ஆட்டினால் இந்தப் பொய் இறக்கத்தை நம்பி, தண்ணீரைக் குறைக்க வேண்டிய நேரத்தில் கூட்டிவிடும். லோடு ஏறும்போது இதற்கு நேர்மாறு: குமிழி உப்பி மட்டம் உயரும், கண்ட்ரோலர் வால்வை மூடும், டிரம் காயும். அதனால்தான் மூன்று அளவுகள், மூன்று எலிமென்ட் என்பது இதைத்தான். வெளியே போகும் நீராவி எவ்வளவோ அவ்வளவு தண்ணீரை உடனே உள்ளே விடு என்று ஸ்டீம் ஃப்ளோ சொல்கிறது. அவ்வளவு தண்ணீர் உண்மையில் போகிறதா என்று ஃபீட்வாட்டர் ஃப்ளோ பார்த்து வால்வைத் திருத்துகிறது. லெவல் கண்ட்ரோலருக்கு மிஞ்சுவது சின்ன வேலைதான், மேலே கீழே கொஞ்சம் திருத்துவது.

```
FW_SP = FS + 0.8 * (LC - 50)
```

`FS` ஸ்டீம் ஃப்ளோ, `LC` லெவல் கண்ட்ரோலரின் அவுட்புட் சதவீதம், `FW_SP` ஃபீட்வாட்டர் கண்ட்ரோலருக்குப் போகும் செட்பாயின்ட். இரண்டு மீட்டர்களுக்கும் ரேஞ்ச் 0 முதல் 80 டன் என்பதால் 1 சதவீதத்துக்கு 0.8 டன்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இரண்டு மீட்டரும் உண்மை சொன்னால் `LC` எந்த லோடிலும் 50-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். உப்பு சேராமலிருக்க டிரம்மிலிருந்து வெளியேற்றும் ப்ளோடவுனில் போகும் ஒரு டன்னுக்காக 51 என்று நிற்கலாம். நேற்றைய டிரெண்டில் முழு லோடில் அது 42.

ஜனவரி 11

லாக் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். முழு லோடில் மணிக்கு மணி ஒரே கதை: ஸ்டீம் ஃப்ளோ 71 அல்லது 72, ஃபீட்வாட்டர் 65. லெவலோ நாள் முழுக்க ஆடாமல் நிற்கிறது. பாய்லரின் திறனே 70 டன்தான். அதை விடுங்கள், உள்ளே 65 டன் போய் வெளியே 71 டன் வருகிறது, டிரம்மும் காயவில்லை என்றால் அந்த ஆறேழு டன் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரவு செலவு நோட்டில் இப்படி எழுதினால் அம்மா விடமாட்டார். இங்கே இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணனிடம் கேட்டேன். “ஸ்டீம் மீட்டர் பத்து பர்சென்ட் கூடத்தான் காட்டும், எல்லாருக்கும் தெரியும்” என்றார். எல்லாருக்கும் தெரிந்த பிழை என்பதாலேயே யாரும் அதன் கிட்டப் போகவில்லை. போதாததற்கு, டர்பைன் அதிக நீராவி குடிக்கிறது என்று மாத ரிப்போர்ட்டில் வேறு எழுதியிருக்கிறார்கள். பாவம் டர்பைன்.

சூப்பர்ஹீட்டர் ஸ்பிரே தண்ணீர் கணக்கில் வராமல் போகிறதோ என்று பைப் லைனோடு நடந்து பார்த்தேன். அது ஃபீட்வாட்டர் மீட்டருக்கு அப்புறம்தான் பிரிகிறது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு வெட்டும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், யார்டில் வண்டி இல்லை, ஆலை பாதி அரவையில் ஓடுகிறது. கண்ட்ரோல் ரூமில் பாதிப் பேருக்கு மனசு அவனியாபுரம் வாடிவாசலில். எனக்கோ இது கிடைக்காத வாய்ப்பு. பாதி லோடில் பாய்லர் மணிக்கணக்காக ஒரே நிலையில் நிற்பது சீசனில் அபூர்வம்.

ஸ்டீம் ஃப்ளோ 50.6. ஃபீட்வாட்டர் 33. `LC` 28.

லோடு குறைந்தால் பிழையும் குறையும் என்றுதானே நினைப்போம்? இங்கே ஆறேழு டன்னாக இருந்த வித்தியாசம் பதினேழரை ஆகிவிட்டது. ப்ளோடவுன் ஒரு டன்னைக் கழித்து, ஃபீட்வாட்டர் மீட்டரை நம்பினால், உண்மையான நீராவி முழு லோடில் 64, இப்போது 32. அப்படியானால் மீட்டர் அங்கே 12 சதவீதம் கூடுதல், இங்கே 58 சதவீதம் கூடுதல். ரேஞ்சைத் தப்பாகப் போட்டிருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே விகிதம் வந்திருக்கும். அழுத்த ஈடுகட்டலில் தப்பு என்றும் சொல்ல முடியாது; அழுத்தம் பத்து சதவீதம் மாறினாலும் ஃப்ளோ ஐந்து சதவீதம்தான் பிசகும்.

அடுத்த சந்தேகம் ஜீரோ நகர்ந்திருப்பது. அதுவும் குறைந்த லோடில்தான் பெரிதாகத் தெரியும். ஃப்ளோ நாசில் தருவது வேறுபாட்டு அழுத்தம், அது ஃப்ளோவின் வர்க்கத்துக்கு ஏற்ப வரும். எனவே எல்லாவற்றையும் அழுத்தச் சதவீதமாக மாற்றிப் பார்த்தேன். முழு லோடில் 64 இருக்க வேண்டியது 80 என்று ஆகியிருக்கிறது, பாதி லோடில் 16 இருக்க வேண்டியது 40. ஒன்றில் 16 கூடுதல், மற்றதில் 24. ஜீரோ நகர்வு என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

40, 80 என்ற அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 32 என்பது 80 டன்னில் 40 சதவீதம். 64 என்பது 80 சதவீதம். அதாவது டிசிஎஸ் அழுத்தம் என்று நினைத்து வாங்கும் எண் ஏற்கெனவே ஃப்ளோவாக மாறித்தான் வருகிறது. அதற்கு மறுபடியும் ஸ்கொயர் ரூட் போடுகிறார்கள். 0.4-க்கு வர்க்கமூலம் 0.632, அதை 80-ஆல் பெருக்கினால் 50.6. திரையில் இருப்பதும் அதேதான்.

ஜனவரி 16

பெர்மிட் வாங்கி, லூப்பை லெவல் மட்டும் பார்க்கும் சிங்கிள் எலிமென்ட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு டிரான்ஸ்மிட்டரிடம் போனேன். ஸ்டீம் ஃப்ளோ டிரான்ஸ்மிட்டரை மூன்று எலிமென்ட் ஓடும்போது தொட்டால், மேனிஃபோல்டில் ஈக்வலைசிங் வால்வைத் திறந்த கணமே ஃப்ளோ ஜீரோவாகி ஃபீட்வாட்டர் முழுக்க மூடிக்கொள்ளும்.

கைப் பம்பில் ரேஞ்சின் கால் பங்கு அழுத்தம் கொடுத்தேன். சிக்னல் 4 முதல் 20 மில்லிஆம்ப் வரை, வெறும் அழுத்தத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் என்றால் 8 வர வேண்டும். 12 வந்தது. கால் பங்கு அழுத்தம் என்றால் பாதி ஃப்ளோ, 40 டன். திரையில் 56.6.

கம்யூனிகேட்டரை மாட்டிப் பார்த்தால் அவுட்புட் ஸ்கொயர் ரூட்டில் இருக்கிறது. போன ஆஃப் சீசனில் மாற்றிய டிரான்ஸ்மிட்டர். மாற்றியவர்கள் ரேஞ்சைச் சரிபார்த்திருக்கிறார்கள், ஜீரோவும் முழு ரேஞ்சும் சோதித்திருக்கிறார்கள். எத்தனை முறை வர்க்கமூலம் எடுத்தாலும் 0 என்பது 0, 1 என்பது 1. இரண்டு முனையை மட்டும் சோதித்தால் இந்தப் பிழை அகப்படவே அகப்படாது. நடுவில் ஒரு புள்ளி பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜனவரி 17

இரண்டு ஸ்கொயர் ரூட்டில் எதை நீக்குவது? டிரான்ஸ்மிட்டரை லீனியருக்கு மாற்றினேன். டிசிஎஸ்ஸில் அழுத்தம், வெப்பநிலை ஈடுகட்டும் கணக்கு ஸ்கொயர் ரூட்டுக்கு உள்ளே எழுதப்பட்டிருக்கிறது, அதற்குக் கச்சா வேறுபாட்டு அழுத்தம்தான் வேண்டும்.

மாற்றும் நேரம்தான் கொஞ்சம் திக் திக். ஸ்டீம் ஃப்ளோ 50-லிருந்து 32-க்கு ஒரே தாவலாகத் தாவும். மூன்று எலிமென்ட்டில் இருந்தால் தண்ணீர் செட்பாயின்ட்டும் பதினெட்டு டன் விழும். அதனால் சிங்கிள் எலிமென்ட்டிலேயே வைத்து மாற்றிவிட்டு, எண்கள் நிலைத்த பிறகு `LC` தன்னை இப்போதைய வித்தியாசத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தோம். 51-இல் வந்து நின்றது. அப்புறம்தான் மூன்று எலிமென்ட். வால்வு அசையவில்லை.

8-ஆம் தேதி நடந்ததும் இப்போது கணக்கில் வருகிறது. உண்மையில் நீராவி 32 டன் குறைந்தது, மீட்டர் 21 டன் குறைந்ததாகச் சொன்னது. மீதி 11 டன் தண்ணீர் வேண்டாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நம் டிரம்மின் அளவுக்கு அது நிமிடத்துக்கு 20 மில்லிமீட்டர் மாதிரி. லெவல் கண்ட்ரோலர் 42-லிருந்து 28 வரை இறங்கி வந்தால்தான் ஈடுகட்ட முடியும். அது மெதுவாகத்தான் இறங்கும், அதுவும் முதலில் பொய் இறக்கத்தை நம்பி எதிர்ப்பக்கம் போய்விட்டுத்தான் திரும்பும்.

ஜனவரி 21

ஆட்கள் திரும்பிவிட்டார்கள், முழு அரவை. காலையில் மில் மறுபடியும் அடைத்தது. லெவல் −45 போனது, திரும்பி வந்தது, +25 வரை ஏறி அடங்கியது. அந்த −45 இனியும் வரும், மூன்று எலிமென்ட் குமிழியைச் சுருங்காமல் செய்துவிடாது. அண்ணன் மேனுவல் பட்டன் மேல் வைத்த விரலை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அந்த டியூனிங்?” என்றார்.

அது நியாயமான கேள்விதான். முன்பு வந்தவர்கள் எகிறலைத் துரத்த, கண்ட்ரோலர் பிழையைச் சேர்த்துச் சேர்த்துத் திருத்தும் வேகத்தை முடிவு செய்யும் இன்டக்ரல் நேரத்தை மிகவும் குறைத்து வைத்திருக்கிறார்கள். நிலையான லோடில்கூட லெவல் இப்போது லேசாக அலைகிறது, ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு அலை. டிரம் தானே தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பாத்திரம். அதன் மேல் வேகமான இன்டக்ரலையும் வைத்தால் ஆடத்தான் செய்யும். இன்டக்ரல் நேரத்தை நாளை கூட்டப்போகிறேன். ஃபீட்வாட்டர் டிரான்ஸ்மிட்டருக்கும் பெர்மிட் எழுதியாயிற்று, இந்த முறை 0, 25, 50, 75, 100 ஐந்து புள்ளியும்.