விகிதம் 7 வந்த பிறகும் மிச்சமிருந்த கேள்வி

2-ஃபீனைல்எத்தில் புரோமைடை எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடுடன் வைத்தால் HBr நீங்கி ஸ்டைரீன் வரும். ஹைட்ரஜனும் புரோமினும் ஒரே படியில் பிரிகின்றன என்று காட்டுவதுதான் என் வேலை.

C–H பிணைப்பு மெதுவான படியில் உடைகிறது என்றால், அந்த H-க்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை (D) வைக்கும்போது வினை பல மடங்கு மெதுவாகும். அதைப் பார்க்க முதலில் டியூட்டீரியம் ஏற்றிய PhCD₂CH₂Br வேண்டும். ஃபீனைல் அசிட்டிக் அமிலத்தை NaOD கலந்த D₂O-வில் சூடாக்கி, புது D₂O மாற்றி மாற்றி H-ஐ வெளியேற்றினேன். பிறகு LiAlH₄ கொண்டு ஆல்கஹாலாக்கினேன். புரோமைடாக மாற்றுவதில்தான் கவனம் தேவை. சூடான HBr-இல் ஃபீனைல் வளையம் பக்கத்துக் கார்பனுக்குத் தாவி, டியூட்டீரியம் இடம் மாறிவிடலாம். அதனால் குளிர்ச்சியில் டிரைஃபீனைல்பாஸ்ஃபீனும் கார்பன் டெட்ராபுரோமைடும் போட்டுச் செய்தேன். புரோட்டான் என்எம்ஆரில் 3.15 அருகே இருந்த பென்சைலிக் சிகரம் மறைந்து, 3.56 சிகரம் பிளவுபடாமல் நின்றால் சரி.

வேகத்தை 30 டிகிரியில் அளந்தேன். காரம் மிகுதியாக இருக்கும்படி வைத்து, அவ்வப்போது சிறிது எடுத்து அமிலத்தில் நிறுத்தி, 248 நானோமீட்டரில் ஸ்டைரீனைப் பார்ப்பதுதான் முறை. H சேர்மத்தின் வேகத்தை D சேர்மத்தின் வேகத்தால் வகுத்தால் முதலில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரும். காரணம், எத்தாக்சைடு பதிலீடும் செய்து கொஞ்சம் ஈதர் தரும். அந்தப் பாதையில் C–H பிணைப்பு உடைவதில்லை, ஆகவே டியூட்டீரியத்தால் அது தாமதப்படுவதும் இல்லை. H சேர்மத்தில் 95 பங்கு ஸ்டைரீன், 5 பங்கு ஈதர் என்று வைத்துக்கொள்வோம். நீக்கல் 7 மடங்கு மெதுவானால் D சேர்மத்தில் 13.6-உம் 5-உம், ஆக 18.6. மொத்த விகிதம் வெறும் 5.4! வினை முடிந்ததும் D சேர்மத்தின் உறிஞ்சல் H சேர்மத்தின் முக்கால் அளவிலேயே நின்றுவிடுவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மொத்த வேகத்தை ஸ்டைரீனின் பங்கால் பெருக்கினால் சரியான விகிதம் கிடைக்கும். இந்த வினைக்கு நூல்களில் உள்ள மதிப்பு 7.1.

சரி, C–H பிணைப்பு வேகத்தைத் தீர்மானிக்கும் படியில் உடைகிறது. அதனால் புரோமைடு முதலில் தனியே போய்விடும் பாதை அடிபட்டது. ஆனால் C–Br பிணைப்பும் கூடவே உடைகிறதா என்பதற்கு இந்த எண் பதில் சொல்லாது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. முதலில் புரோட்டான் மட்டும் பிரிந்து கார்பானயன் உருவாகி, அப்புறம் புரோமைடு விலகலாமே?

கார்பானயன் உருவாகித் திரும்பவும் புரோட்டானைப் பெறுமானால், EtOD-இல் வினையைப் பாதியில் நிறுத்தி மீட்டெடுத்த புரோமைடில் டியூட்டீரியம் இருக்க வேண்டும். 1945-இல் ஸ்கெல், ஹவுசர் இருவரும் இதைச் செய்து பார்த்தார்கள், டியூட்டீரியம் ஏறவில்லை. திரும்பாத கார்பானயன் மட்டும் மிச்சம். அதற்கு ஐசோடோப்பை விட்டுவிட்டு ஹாலஜனை மாற்ற வேண்டும். ஃப்ளோரைடின் வேகம் 1 என்றால் குளோரைடுக்கு ஏறக்குறைய 70, புரோமைடுக்கு 4,000, அயோடைடுக்கு 26,000. கார்பானயன் உருவாவதே மெதுவான படி என்றால், எலக்ட்ரானை அதிகம் இழுக்கும் ஃப்ளோரைடு இவ்வளவு பின்தங்கியிருக்காது.